கையால் எழுதிய ரெஜிஸ்டர் கட்டங்களை எக்செலுக்குக் கொண்டுவருவது எப்படி: பால் சங்கப் பதிவேட்டில் நான் பட்டது

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பால் சங்கம் ஒன்றில் ஒரு வருட ரெஜிஸ்டரைக் கணினியில் ஏற்றித் தரச் சொன்னார்கள். நாளுக்கு ஒரு பக்கம், 365 பக்கம். அச்சடித்த கட்டங்களுக்குள் பேனாவால் எழுதிய எண்கள்தானே, போட்டோ எடுத்து ஏதாவது மென்பொருளில் போட்டால் தானாக வந்துவிடும் என்று நினைத்து ஒரு வாரத்தில் முடித்துத் தருவதாக வாயைக் கொடுத்துவிட்டேன். ஏழு வாரம் ஆனது. அதில் நான்கு வாரம் தவறான வழியில் போனது. நீங்கள் அந்த நான்கு வாரத்தைத் தவிர்க்கலாம்.

ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே தலைப்பு வரிசை, கீழே 40 உறுப்பினர் வரிசை, கடைசியில் மொத்தம். குறுக்கே ஏழு நெடுவரிசை: வரிசை எண் (இது மட்டும் அச்சில்), உறுப்பினர் எண், காலை லிட்டர், காலை ஃபேட், மாலை லிட்டர், மாலை ஃபேட், மொத்த லிட்டர். கட்டக் கோடுகள் சிவப்பு மை, எழுத்து நீலப் பேனா. உங்களிடம் இருப்பது பள்ளி வருகைப் பதிவேடாகவோ மழை அளவுப் படிவமாகவோ இருந்தாலும் வேலை ஏறத்தாழ இதேதான்.

1. போட்டோ எடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ரெஜிஸ்டரைப் படம் எடுக்கலாம் என்று சங்கத்திடம் எழுத்தில் ஓர் அனுமதி. உறுப்பினர்களின் வரவு தெரிகிற புத்தகம் இது, பின்னால் யாராவது கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாவது, எதுவும் எழுதாத வெற்றுப் பக்கம் ஒன்று, கட்டங்களின் அளவு அதிலிருந்துதான் கிடைக்கும். மூன்றாவது, உறுப்பினர் எண் பட்டியல்.

நான்காவது காகிதம் இல்லை, எழுதியவரோடு அரை மணி நேரம். வெற்றுக் கட்டம் என்றால் பால் ஊற்றவில்லையா, எழுத மறந்ததா? சிறு கோடு போட்டிருந்தால்? நான் இதைக் கேட்காமல் ஆரம்பித்தேன். வெற்றுக் கட்டமும் கோடும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டு எண்பது பக்கம் முடித்த பிறகுதான், கோடு என்றால் பால் வரவில்லை என்றும், வெற்று என்றால் அந்த வேளை பாலை வாங்காமல் திருப்பி அனுப்பியது என்றும் தெரிந்தது. எண்பதையும் திரும்பத் திறந்தேன்.

2. படம்: செலவு குறைவு, கவனம் அதிகம்

ரெஜிஸ்டர் சுமார் 13 அங்குல உயரம். வீட்டு ஸ்கேனர் ஏ4 அளவுதான், பக்கம் உள்ளே அடங்காது. தனித்தாளாகப் பிரிக்கவும் விடமாட்டார்கள். அதனால் போன்தான். 12 மெகாபிக்சல் கேமரா தரும் படம் நீளவாக்கில் 4000 பிக்சல் இருக்கும். 13 அங்குலப் பக்கம் சட்டத்தை நிறைத்து நின்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 300 பிக்சல் கிடைக்கிறது, அது போதும். சுற்றி மேசையும் டீ கிளாஸும் தெரிகிற மாதிரி எடுத்தால் அது 200-க்கு இறங்கிவிடும், அப்போது முதலில் காணாமல் போவது தசமப் புள்ளி.

எனக்கு ஆன செலவு: கண்ணாடிக் கடையில் ஓரம் தேய்த்து வாங்கிய கண்ணாடித் துண்டு 150 ரூபாய், போன் ஸ்டாண்ட் 400, கறுப்புச் சார்ட் 10. கண்ணாடி பக்கத்தை மட்டமாக அழுத்தி வைக்கும், கறுப்புச் சார்ட்டைப் பக்கத்துக்குப் பின்னால் செருகினால் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரிவது குறையும். விளக்கை இரண்டு பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். தலைக்கு மேலே இருந்தால் கண்ணாடியில் அதன் பிம்பம் விழுந்து நான்கு வரிசையை அழித்துவிடும்.

ஸ்கேன் செய்யும் ஆப்களில் கறுப்பு-வெள்ளை என்று ஒன்று இருக்கும், பக்கம் பளிச்சென்று அழகாக வரும். அதைத் தொடாதீர்கள். நிறத்தோடு எடுங்கள். ஏன் என்பது அடுத்த படியிலேயே தெரியும். இரண்டு மாலையில் 365 பக்கமும் முடிந்தன. கோப்புப் பெயரைத் தேதியாகவே வைத்துவிடுங்கள்.

3. கோட்டையும் எழுத்தையும் பிரிப்பது

நான் நான்கு வாரம் வீணாக்கியது இங்கேதான். படத்தைச் சாம்பல் நிறமாக்கி, நீளக் கோடுகளைக் கண்டுபிடித்து, அவற்றை அழித்து, மிச்சத்தைப் படிக்கலாம் என்று போனேன். கோட்டை அழிக்கும்போது கோட்டின் மேல் எழுதியிருந்ததும் சேர்ந்து அழிகிறது. 7-இன் மேல்கோடு கட்டத்தின் மேல்கோட்டோடு ஒட்டியிருந்தால் 7 வெறும் 1 ஆகிவிடும். 5-இன் தொப்பியும் அப்படியே போகும். பிழை என்று தெரிந்தால்கூடப் பரவாயில்லை, நல்ல எண் மாதிரியே நிற்கும்.

நிறத்தோடு எடுத்த படத்தில் இந்தத் தொல்லையே இல்லை. ஒவ்வொரு படத்திலும் நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று அடுக்கு உண்டு. சிவப்பு அடுக்கை மட்டும் பார்த்தால் சிவப்பு மைக் கோடு வெள்ளைத் தாளோடு கலந்து மறைந்துவிடும், நீலப் பேனா கறுப்பாக நிற்கும். பச்சை அடுக்கில் சிவப்புக் கோடுகள் கறுப்பாகத் தெரியும். ஆக, கட்டம் எங்கே என்று கண்டுபிடிக்கப் பச்சை, எண்ணைப் படிக்கச் சிவப்பு. இதைப் பார்த்த அன்று பழைய நிரல் முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன்.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. செயலாளர் திருத்தங்களைச் சிவப்புப் பேனாவால் செய்திருந்தார். சிவப்பு அடுக்கில் திருத்தம் மறைந்து, அடித்த பழைய எண் மட்டும் சுத்தமாகத் தெரிந்தது. அவரிடம் சொன்னபோது, "தம்பி, ஆடிட்டர் கண்ணுக்குப் படணும்னுதான் சிவப்புல எழுதுறோம், உன் மெஷின் கண்ணுக்கு அதுதான் தெரியலையா" என்று சிரித்தார். அதனால், கட்டத்தின் உள்பகுதியில், கோடுகளை விட்டு நன்றாகத் தள்ளி, சிவப்பு மை இருக்கிறதா என்று தனியாகப் பார்த்து, இருக்கும் கட்டத்தைக் கண்ணால் பார்க்க ஒதுக்கிவிடுங்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்றுதான் வரும்.

உங்கள் படிவத்தில் கோடும் கறுப்பு, பேனாவும் கறுப்பு என்றால் இந்த வசதி கிடையாது. கோட்டை அழித்துத்தான் ஆக வேண்டும். அப்போது கோட்டுக்கு மேலும் கீழும் மை தொடர்கிற இடங்களை மட்டும் திரும்ப நிரப்புங்கள், மேலே சொன்ன 7-ஐயும் 5-ஐயும் ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள்.

4. கட்டங்களைக் கண்டுபிடித்து எண்ணிப் பார்ப்பது

முதலில் பக்கத்தின் நான்கு வெளி மூலைகளைப் பிடித்து, எல்லாப் படத்தையும் 2550-க்கு 3900 பிக்சல் என்று ஒரே அளவுக்கு நிமிர்த்திக்கொள்ளுங்கள். அப்புறம் பைத்தானில் ஓப்பன்சிவி போதும்:

```python
import cv2, numpy as np
img = cv2.imread("2022-08-14.png")
b, g, r = cv2.split(img)
bw = cv2.adaptiveThreshold(g, 255, cv2.ADAPTIVE_THRESH_MEAN_C,
                           cv2.THRESH_BINARY_INV, 51, 15)
h = cv2.morphologyEx(bw, cv2.MORPH_OPEN, np.ones((1, 120), np.uint8))
v = cv2.morphologyEx(bw, cv2.MORPH_OPEN, np.ones((120, 1), np.uint8))
dots = cv2.dilate(cv2.bitwise_and(h, v), np.ones((9, 9), np.uint8))
n, _, _, centres = cv2.connectedComponentsWithStats(dots)
print(n - 1)
```

அடுக்குகள் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வரும், மாற்றிப் பிடித்தால் எல்லாம் தலைகீழ். 120 என்பது சும்மா போட்ட எண் இல்லை. என் பக்கத்தில் ஒரு வரிசையின் உயரம் 7 மி.மீ., அதாவது 83 பிக்சல். 120 பிக்சல் நேராக நிற்கும் எதுவும் ஒரே கட்டத்தில் எழுதிய 1 ஆக இருக்க முடியாது, அது கோடுதான். இதையே 40 என்று வைத்தால் நீளமாக எழுதிய 1 எல்லாம் கோடாகிவிடும். 400 வைத்தால் சற்று வளைந்த கோடுகள்கூடக் கிடைக்காது.

கோடுகள் சந்திக்கும் புள்ளிகள்தான் நமக்கு வேண்டும். 42 வரிசைக்கு 43 படுக்கைக் கோடு, 7 நெடுவரிசைக்கு 8 நிற்கும் கோடு, பெருக்கினால் 344. கடைசி வரி 344 என்று காட்டினால்தான் அந்தப் பக்கத்தை அடுத்த படிக்கு அனுப்பினேன். குறைந்தால் பெரும்பாலும் தைத்திருக்கும் ஓரத்தில் பக்கம் வளைந்திருக்கும், விடுபட்ட புள்ளியை வெற்றுப் பக்க அளவை வைத்து நிரப்பலாம். கூடினால் யாரோ ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருப்பார்கள். நான்கு மூலையை மட்டும் நம்பி 42 சமபங்காகப் பிரிக்காதீர்கள். பக்கம் வளைந்தால் நடுவில் அரை வரிசை தள்ளிப்போய், ஒருவர் பால் அடுத்தவர் கணக்கில் ஏறிவிடும்.

வெட்டும்போது கட்டத்தின் விளிம்பிலேயே கத்தி வைக்கக் கூடாது. யாரும் கட்டத்துக்குள் அடங்கி எழுதுவதில்லை, 9-இன் வால் கீழ்க் கட்டத்தில்தான் முடியும். சிவப்பு அடுக்கில் ஒன்றோடொன்று ஒட்டிய மையை ஒரு துண்டாக எடுத்து, அந்தத் துண்டின் மையப்புள்ளி எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அந்தக் கட்டத்துக்கு முழுத் துண்டையும் கொடுங்கள். 9 முழுசாக வரும், கீழ்க் கட்டத்தில் அநாதையாக ஒரு வால் கிடக்காது. மேல் வரிசை வால் கீழ் வரிசை எண்ணைத் தொட்டுவிட்டால் இரண்டும் ஒரே துண்டாகும். உயரம் 83-ஐத் தாண்டிய துண்டு எல்லாம் இந்த வகை, கண்ணால் பார்க்க ஒதுக்குங்கள்.

5. படிப்பது

படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருள் இலவசம் என்று எல்லோரும் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், நானும் அப்படித்தான். அது அச்செழுத்துக்குப் பழகியது, கையெழுத்துக்கு இல்லை. எண்களை மட்டும் தா என்று கட்டாயப்படுத்தினால் இன்னும் மோசம், சிறு கோட்டையும் ஏதோ ஓர் எண்ணாக்கித் தருகிறது. இணையத்தில் கிடைக்கும் எம்னிஸ்ட் எண் தொகுப்பில் 60,000 பயிற்சி மாதிரி உண்டு, ஆனால் அவை அமெரிக்கர்கள் எழுதியவை. நம் ஊர்க் கணக்கு எழுதுபவரின் 1-உம் 9-உம் அதற்குப் பிடிபடவில்லை.

எனக்கு வேலை செய்தது இதுதான். முதல் பத்துப் பக்கத்தை நானே தட்டச்சு செய்தேன். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அதிலிருந்தே அதே கையெழுத்தில் நான்காயிரத்துக்கும் மேல் எண் மாதிரிகள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் 28-க்கு 28 பிக்சலாகச் சுருக்கி, பைத்தானின் சைக்கிட்-லேர்னில் உள்ள, எது எந்த எண் என்று பிரித்துச் சொல்லும் சாதாரண வகைப்படுத்தி ஒன்றுக்குப் பழக்கினேன், பழைய லேப்டாப்பிலேயே ஓடியது. ரெஜிஸ்டரில் இரண்டு பேர் மாறி மாறி எழுதியிருந்தால் இருவர் பக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் ஆள் மாறியதைக் கவனிக்காமல் விட்டு, அந்த மாதம் முழுவதும் 4-க்கு 9 விழுந்தது.

அப்புறம் முக்கியமானது, சரிபார்க்கும் விதம். பக்கம் பக்கமாகப் பார்க்காதீர்கள், கண் சலித்துவிடும். மென்பொருள் 7 என்று சொன்ன எண்களை எல்லாம் ஒரே படத்தில் இருபதுக்குப் பத்து என்று அடுக்கிப் பாருங்கள். இருநூறு 7-க்கு நடுவில் ஒரு 1 இருந்தால் அரிசியில் கல் மாதிரி கண்ணில் படும், சொடுக்கித் திருத்த வேண்டியதுதான். இப்படிச் செய்ததில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவே ஆனது.

புள்ளியை நம்பாதீர்கள், பாதி இடத்தில் தெரியாது. ஃபேட் எப்போதும் ஒரு தசமத்தோடு எழுதுவது, அதனால் 42 என்றால் 4.2 என்று விதி வைக்கலாம். லிட்டரில் இந்த விதி அடி வாங்கும். 12 என்பது 1.2 லிட்டரா, இரண்டு பசு வைத்திருப்பவரின் 12 லிட்டரா? அதற்குத்தான் அடுத்த படி.

6. கூட்டிப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது

படிவத்தில் மொத்தம் இருந்தால் அதுதான் உங்கள் காவல்காரன். என் பக்கத்தில் இரண்டு விதமாகக் கூட்டலாம்: குறுக்கே காலையும் மாலையும் சேர்ந்தால் மொத்த லிட்டர், நெடுக்கே 40 பேரையும் கூட்டினால் கடைசி வரிசை. குறுக்கே ஒரு வரிசையும் நெடுக்கே ஒரு நெடுவரிசையும் இடித்தால், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில்தான் பிழை.

ஆகஸ்ட் 14-ஆம் தேதிப் பக்கத்தைப் பாருங்கள். அதில் புள்ளி தப்பிய 23-ஆம் வரிசையை முன்பே திருத்திவிட்டேன், அதைப் பின்னால் சொல்கிறேன். மாலை லிட்டரை நெடுக்கே கூட்டினால் 187.4 வருகிறது, கீழே எழுதியிருப்பது 181.4. காலையும் மொத்தமும் சரி. குறுக்கே பார்த்தால் 17-ஆம் வரிசை மட்டும் உதைக்கிறது: காலை 4.5, மாலை 7.5, மொத்தம் 6.0. இரண்டு இடத்திலும் வித்தியாசம் 6. 1-ஐ 7 என்று படித்தால் 6 கூடும். படத்தைத் திறந்தால் 1.5-தான், 1-க்கு மேல் சின்னக் கொக்கி போட்டிருக்கிறார்.

வித்தியாசத்தைப் பார்த்தே பிழையை ஊகிக்கலாம். 6 என்றால் 1-க்கும் 7-க்கும் குழப்பம், அல்லது 0-க்கும் 6-க்கும். 5 என்றால் 4-9 அல்லது 3-8. வித்தியாசம் 0.6, 0.5 என்றால் அதே குழப்பம் புள்ளிக்குப் பின்னால். புள்ளியை மறந்துவிட்டுப் பார்த்து ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இரண்டு எண் இடம் மாறியிருக்கும், அல்லது புள்ளி தப்பியிருக்கும். அதே பக்கத்து 23-ஆம் வரிசையில் காலை 12, மாலை 6.5, மொத்தம் 18.5 என்று எழுதியிருந்தது. என் விதி 12-ஐ 1.2 ஆக்கியதால் கூட்டினால் 7.7 வந்தது. வித்தியாசம் 10.8, அது 1.2-இன் ஒன்பது மடங்கு. ஆக அவர் ஊற்றியது 12 லிட்டரேதான்.

சில இடங்களில் நீங்கள் சரியாகப் படித்திருப்பீர்கள், எழுதியவரின் கூட்டல்தான் தப்பாக இருக்கும். எனக்கு 365-இல் 22 பக்கம் அப்படி. அதைத் திருத்த நமக்கு உரிமை கிடையாது. எழுதியதை எழுதியபடியே வைத்து, பக்கத்தில் ஒரு குறி போட்டுவிட்டு சங்கத்திடம் பட்டியலாகக் கொடுங்கள்.

ஃபேட்டுக்கும் உறுப்பினர் எண்ணுக்கும் மொத்தம் கிடையாது, அங்கே இந்தக் காவல் இல்லை. உறுப்பினர் எண் பட்டியலில் இருக்கிறதா, ஒரே பக்கத்தில் இரண்டு முறை வருகிறதா என்று பாருங்கள். ஃபேட்டில் ஒருவருடைய முந்தைய, அடுத்த நாள்களோடு ஒப்பிடுங்கள். நேற்று 4.1, நாளை 4.2, இன்று மட்டும் 9.2 என்றால் அது 4-தான். ஆனால் 4.1-ஐ 4.7 என்று படித்திருந்தால் இதிலும் தப்பிவிடும். அதனால் இந்த நெடுவரிசைகளை மட்டும் என் அக்கா மகளை உட்காரவைத்து, என் பதிலைக் காட்டாமல் இரண்டாம் முறை தட்டச்சு செய்யவைத்து, ஒத்துவராதவற்றைப் பார்த்தேன். அவளுக்குக் கொடுத்த 3000 ரூபாய்தான் இந்த வேலையில் என் பெரிய செலவு.

7. கோப்பாகச் சேமிப்பது

பக்கத்தில் இருக்கிற வடிவத்திலேயே எக்செலில் வைக்காதீர்கள். ஒரு வரிக்கு ஒருவரின் ஒரு வேளை. படித்தது ஒரு நெடுவரிசை, அதன் பொருள் வேறு நெடுவரிசை:

```
date,session,row,member,litre_raw,litre,fat_raw,fat,flag
2022-08-14,E,17,117,1.5,1.5,42,4.2,
2022-08-14,M,23,064,12,12.0,39,3.9,D
2022-08-14,M,31,088,-,,,,N
```

M காலை, E மாலை. D என்றால் லிட்டரில் புள்ளியை நான் முடிவு செய்தது, N என்றால் பால் வரவில்லை. பால் வராததற்கு 0 போட்டால் சராசரி எல்லாம் கெட்டுவிடும், காலியாக விடுங்கள்.

சிஎஸ்வியை எக்செலில் நேரடியாக இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். 064 என்பது 64 ஆகிவிடும், யாராவது 4-5 என்று எழுதியதை எழுதியபடியே வைத்திருந்தால் அது தேதியாக மாறி நிற்கும். டேட்டா மெனு வழியாக இறக்கி, உறுப்பினர் எண்ணையும் `_raw` நெடுவரிசைகளையும் டெக்ஸ்ட் என்று சொல்லிவிடுங்கள். குறிப்புகளைத் தமிழில் எழுதினால் கோப்பை `utf-8-sig` என்று சேமியுங்கள், இல்லையென்றால் எக்செலில் பூச்சி பூச்சியாகத் தெரியும்.

வெட்டிய கட்டப் படங்களையும் தேதி, வரிசை, நெடுவரிசை என்று பெயரிட்டுக் கூடவே கொடுத்துவிடுங்கள். ஒப்படைத்த மறுநாளே ஓர் உறுப்பினர், என் பால் அன்றைக்கு எட்டரை லிட்டர், நீங்கள் மூன்றரை போட்டிருக்கிறீர்கள் என்று வந்து நின்றார். படத்தைத் திறந்து காட்டினோம், மூன்றரைதான் எழுதியிருந்தது. அவர் செயலாளர் பக்கம் திரும்பிக்கொண்டார், நான் வண்டியை எடுத்தேன்.